ஐந்து பிக்சல் தூரம்

2019 ஜூலையில் ஐபோன் வைத்திருக்கும் ஒருவர் தன் முகத்தை முன்பக்க கேமராவுக்குக் காட்டியபடி ஒரு சின்னச் சோதனை செய்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அதன் காதுக் கம்பியைப் படுக்கைவசமாகப் பிடித்துக் கண்களுக்கு முன்னால் மெல்ல மேலும் கீழும் நகர்த்தினார். நெற்றிக்கு நேரே கம்பி கம்பியாகவே இருந்தது. கண்ணுக்கு நேரே வந்ததும் அது வளைந்தது. ஒரு கண்ணுக்கு மேல் ஒரு வளைவு, மூக்குப் பாலத்தில் நேர்கோடு, அடுத்த கண்ணுக்கு மேல் இன்னொரு வளைவு. தண்ணீருக்குள் விட்ட குச்சியைப் பார்ப்பது போல இருந்தது.

வளைந்தது கம்பி அல்ல, படம். அப்போது சோதனைப் பதிப்பாக வந்திருந்த ஐஓஎஸ் 13-இல் ஃபேஸ்டைம் அழைப்புக்கென்று ஒரு புது வசதி இருந்தது. பேசுகிறவர் திரையைத்தான் பார்ப்பார். எதிர்முனையில் இருப்பவருக்கோ அவர் கேமராவைப் பார்ப்பது போலத் தெரியும். அதற்காகக் கண் இருக்கும் இடத்தில் படத்தை ரப்பர் போல இழுத்து மாற்றிக்கொண்டிருந்தது மென்பொருள். கண்ணை மட்டும் தனியே இழுக்க அதற்குத் தெரியாது. அந்த இடத்தில் எது குறுக்கே வந்தாலும் சேர்த்து இழுத்தது. மறுநாளே அந்தக் காணொளி உலகம் சுற்றியது. சிலர் வியந்தார்கள், சிலருக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்த ஆண்டு ஐஓஎஸ் 14-இல் இதே வசதி Eye Contact என்ற பெயரோடு நிலைபெற்றது. ஐபோனின் FaceTime அமைப்புகளில் இன்றும் அதற்கொரு பொத்தான் உண்டு.

வேறெங்கோ பார்க்கும் ஒருவரின் கண்ணைத் திருப்பி நம்மைப் பார்க்க வைப்பதற்கு எவ்வளவு இழுக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

சாதாரண லேப்டாப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேமரா திரையின் மேல் விளிம்பில் இருக்கிறது. எதிர்முனையில் பேசுகிறவரின் முகம் திரையின் நடுவில், அதாவது கேமராவுக்குச் சுமார் 12 செ.மீ. கீழே இருக்கிறது. நாம் திரையிலிருந்து 55 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கிறோம். அப்படியானால் அவர் முகத்தைப் பார்க்கும்போது நம் பார்வை கேமராவின் திசையிலிருந்து ஏறக்குறைய 12 பாகை கீழே இறங்கியிருக்கும். மனிதக் கண்ணின் விழிக்கோளம் கிட்டத்தட்ட 12 மி.மீ. ஆரம் உள்ள ஒரு பந்து. அந்தப் பந்து ஒரு பாகை திரும்பினால் கருவிழி வட்டம் 0.2 மி.மீ. நகரும், 12 பாகைக்கு இரண்டரை மி.மீ. இதே தூரத்தில் 1280 பிக்சல் அகலமுள்ள வெப்கேம் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டு பிக்சல். ஆக மொத்தம் ஐந்து பிக்சல்.

இவ்வளவுதான். முகம் முழுக்க அப்படியே இருக்க, இரண்டு கருவிழிகளும் ஐந்து பிக்சல் மேலே ஏறினால் போதும், பேசுகிறவர் நம்மைப் பார்த்துவிடுவார். ஐந்து பிக்சலை நகர்த்த ஏன் இத்தனை ஆண்டுகள்? அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பிக்சர்ஃபோன் என்ற படத் தொலைபேசியைக் காட்டியது. திரை ஓரிடம், கேமரா ஓரிடம் என்று அமைந்த அன்றே இந்தக் கோளாறும் கூடப் பிறந்துவிட்டது. மென்பொருளால் சரிசெய்யும் முயற்சியை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே செய்து பார்த்தார்கள். நம் மேசைக்கு அது வந்து சேர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

தாமதத்துக்கு முதல் காரணம் கருவி அல்ல, பார்க்கிறவரின் கண். ஒருவர் நம்மைப் பார்க்கிறாரா, நம் காதைப் பார்க்கிறாரா, நமக்குப் பின்னால் நிற்பவரைப் பார்க்கிறாரா என்பதை எதிரே நின்றே கண்டுபிடித்துவிடுகிறோம். பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் கடைக்கண்ணால் பார்ப்பதைக்கூடத் தவறவிடுவதில்லை. கருவிழியைச் சுற்றிலும் வெண்விழி இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும்படி அமைந்தது மனிதனுக்குத்தான். குரங்கினங்கள் பலவற்றின் கண்ணை ஒப்பிட்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் கோபயாஷியும் கோஷிமாவும் 1997-இல் இதை எழுதினார்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு வட்டம் வைத்தது போல இருப்பதால், வட்டம் துளி நகர்ந்தாலும் தெரிந்துவிடுகிறது.

ஆனால் இந்தக் கூர்மை எல்லாத் திசைக்கும் ஒன்றுபோல இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்டன் சென் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. எதிராளியின் பார்வை இடப்பக்கமோ வலப்பக்கமோ மேலேயோ கொஞ்சம் விலகினாலும் "இவர் என்னைப் பார்க்கவில்லை" என்று உடனே தெரிந்துகொள்கிறோம். கீழே விலகும்போது மட்டும் நம் மனம் தாராளமாக இருக்கிறது. மற்ற திசைகளோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு தாராளம். கீழ்நோக்கி ஏறக்குறைய 5 பாகை வரை விலகியிருந்தாலும் "என்னைத்தான் பார்க்கிறார்" என்றே எடுத்துக்கொள்கிறோம். சந்தேகத்தின் பலனை எதிராளிக்கே கொடுக்கும் சுபாவம் இது. வீடியோ அழைப்புக் கருவி செய்கிறவர்களுக்கு இது பெரிய வரம். கேமராவைத் திரைக்கு மேலே வைத்தால் பார்வை கீழே விலகும். அதில் 5 பாகைக்குப் பார்க்கிறவரே தள்ளுபடி கொடுத்துவிடுவார். கேமராவைப் பக்கவாட்டில் வைத்தால் ஒரு சலுகையும் கிடையாது. சில லேப்டாப்களில் கேமராவைத் திரைக்குக் கீழே வைத்தார்கள். அங்கே பார்வை மேலே விலகியது, கூடவே மூக்குத் துவாரங்களும் தரிசனம் தந்தன. அந்த வடிவம் நெடுநாள் நீடிக்கவில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. அதைத் தெரிந்துகொள்ள இருநூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் என்ற ஆங்கிலேயர் பல்லேடியம், ரோடியம் என்ற இரண்டு உலோகங்களைக் கண்டுபிடித்த வேதியியலாளர். 1824-இல் அவர் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் எழுதிய ஒரு கட்டுரைக்கும் உலோகத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஓவியத்தில் உள்ள கண்கள் எந்தப் பக்கம் பார்ப்பதாகத் தெரிகிறது என்பதே கட்டுரைப் பொருள். படம் வரைந்து கொடுத்தவர் அன்றைய புகழ்பெற்ற உருவப்பட ஓவியர் சர் தாமஸ் லாரன்ஸ். வொல்லாஸ்டன் செய்த வித்தை எளியது. ஒரு முகத்தின் கண்களை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ள மூக்கையும் வாயையும் மட்டும் மாற்றினார். ஒரு மூக்கு இருந்தபோது நம்மையே உற்றுப் பார்த்த கண்கள், வேறு பக்கம் திரும்பிய மூக்கைப் பொருத்தியதும் எங்கோ பார்த்தன. கண்ணில் ஒரு கோடுகூட மாறவில்லை.

பார்வையைக் கண்ணிலிருந்து மட்டும் நாம் படிப்பதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் கருவிழி எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று இரண்டையும் கூட்டிக் கழித்துத்தான் விடை காண்கிறோம். படம் திருத்துகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடமும் இதுதான். ஒருவர் முகத்தை நம் இடப்பக்கமாகத் திருப்பியிருக்கிறார், அவர் நம்மைப் பார்க்க வேண்டும் என்று வையுங்கள். அவர் கருவிழி கண்ணின் நடுவில் இருக்கக் கூடாது. நம் வலப்பக்கக் கோடிக்கு ஒதுங்கியிருக்க வேண்டும். இதை அறியாதவர் கருவிழியைக் கண்ணின் நட்டநடுவில் கொண்டுபோய் வைப்பார். நேர்முகத்துக்கு அது சரி. திரும்பிய முகத்தில் அந்த மனிதர் இன்னும் எங்கேயோதான் பார்த்துக்கொண்டிருப்பார், என்ன தவறு என்றும் புரியாது.

இன்னொன்றும் இதில் உண்டு. ஓவியத்தில் முகமும் கண்ணும் நம்மைப் பார்க்கும்படி ஒருமுறை அமைந்துவிட்டால், நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்த அமைப்பு மாறாது, தாள் தட்டையானது. சுவரில் மாட்டிய நாட்காட்டி முருகன் அறையின் எந்த மூலைக்குப் போனாலும் நம்மையே பார்ப்பதன் ரகசியம் அதுதான். இது கடைசியில் மறுபடி வரும்.

இனி அந்த ஐந்து பிக்சலுக்கு வருவோம். கருவிழியை வெட்டி எடுத்து ஐந்து பிக்சல் மேலே ஒட்டினால் என்ன ஆகும்? தூங்கி வழியும் முகம் கிடைக்கும். கண் கீழே பார்க்கும்போது மேல் இமையும் கூடவே இறங்குகிறது. இமை நிற்கும் இடத்தில் நிற்க, கருவிழி மட்டும் மேலே ஏறினால் அதன் மேல்பாதி இமைக்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே இமையையும் தூக்க வேண்டும். நேரே பார்க்கும் கண்ணின் திறப்பே கிட்டத்தட்ட 10 மி.மீ. உயரம்தான், அதில் இரண்டரை மி.மீ. என்பது கால் பங்கு. இமையைத் தூக்கினால் அதற்கு மேலே உள்ள தோல் மடிப்பும் மாற வேண்டும். கீழே பார்க்கும் கண்ணில் மேல் இமையின் தோல் அகலமாகத் தெரியும், நேரே பார்க்கும்போது அது மடிப்புக்குள் சுருங்கி மறையும். கண்மையும் இமை முடியும் தோலோடு சேர்ந்து நகர வேண்டும். இவற்றில் எது பின்தங்கினாலும் பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. "என்னமோ மாதிரி இருக்கே" என்று மட்டும் சொல்வார்.

இதையெல்லாம் விதிகளாக எழுதி மாளாது. மாஸ்கோவுக்கு அருகில் உள்ள ஸ்கோல்டெக் ஆய்வு நிறுவனத்தில் டானில் கோனோனென்கோவும் விக்டர் லெம்பிட்ஸ்கியும் 2015-இல் வேறு வழியில் போனார்கள். ஆட்களை உட்கார வைத்து, தலை அசையாமல் நிறுத்தி, திரையில் நகரும் ஒரு புள்ளியைக் கண்ணால் தொடரச் சொன்னார்கள். கேமரா படம் பிடித்துக்கொண்டே இருந்தது. அதே முகம், அதே வெளிச்சம், பார்வை மட்டும் வேறு வேறு. இப்படிப்பட்ட படங்களை இரண்டிரண்டாகக் கணினிக்குக் கொடுத்தார்கள்: இது கீழே பார்க்கும் கண், இது பத்துப் பதினைந்து பாகை மேலே பார்க்கும் அதே கண், முதலாவதை எப்படி இழுத்தால் இரண்டாவது கிடைக்கும் என்று நீயே கற்றுக்கொள்.

கணினி கற்றுக்கொண்டது புதுக் கண் வரைவதை அல்ல. புதுப் படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் "உன் நிறத்தைப் பழைய படத்தின் இந்த இடத்திலிருந்து எடுத்துக்கொள்" என்று சொல்லும் ஓர் அம்புக்குறியைப் போடக் கற்றுக்கொண்டது. கருவிழி இருக்கும் இடத்தில் அம்புகள் நீளம், இமை ஓரத்தில் கொஞ்சம் குட்டை, கன்னம் வந்ததும் சுழி. துணியை இழுத்துச் சுருக்கம் எடுப்பது போன்ற வேலை. இந்த முறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நிறம் எல்லாம் அந்த ஆளின் சொந்தக் கண்ணிலிருந்தே வருவதால் ஆள் மாறிப்போவதில்லை. பழுப்புக் கண் பழுப்பாகவே இருக்கும், கண் ஓரத்து மச்சம் மச்சமாகவே இருக்கும். மூக்குக் கண்ணாடியின் கம்பி வளைந்ததும் இதே குணத்தால்தான். அங்கே இருந்தது கண்ணா கம்பியா என்று அம்புக்குறி பார்ப்பதில்லை.

இழுப்பதால் ஒன்று மட்டும் முடியாது. இல்லாததைக் கொண்டுவர முடியாது. ஒருவர் நம் இடப்பக்கம் நன்றாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் கருவிழி அந்தக் கோடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கத்து வெண்விழி படத்தில் இருக்கவே இருக்காது. அவர் பார்வையை நடுவுக்குக் கொண்டுவரும்போது அந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது? வெள்ளையே இல்லாத இடத்திலிருந்து வெள்ளையை இழுக்க முடியாமல், தோல் நிறம் வெண்விழிக்குள் கசியும். மறு வருடம் அதே நிறுவனத்தார் டீப்வார்ப் என்ற பெயரில் செய்த அடுத்த பதிப்பில் இதற்கென்றே ஒரு துணைப் பகுதியைச் சேர்த்தார்கள். இழுத்து முடித்த பிறகு, சில பிக்சல்களை மட்டும் வெள்ளையை நோக்கி வெளுக்க வைப்பது அதன் வேலை. சின்னத் தந்திரம்தான். ஆனால் கண் உயிரோடு இருக்கிறதா, அழுக்கேறியிருக்கிறதா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

அப்புறம் கண்ணுக்குள் தெரியும் ஒளிப்பொட்டு. ஜன்னலோ விளக்கோ கண்ணின் ஈரப் பரப்பில் பிரதிபலிக்கும் அந்த வெள்ளைப் புள்ளி, கண் திரும்பும்போது கருவிழியோடு அப்படியே பயணம் செய்வதில்லை. விளக்கு இருந்த இடத்திலேயே இருப்பதால் பொட்டு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும், அதற்குக் கீழே கருவிழி நகரும். இழுக்கும் மென்பொருள் பொட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனால், கண் மட்டும் வேறொரு அறையில் இருப்பது போலத் தோன்றும். ஸ்டுடியோக்காரர்கள் இதை நெடுநாளாக அறிவார்கள்.

ஸ்டுடியோ என்றதும், நின்ற படத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். கல்யாண மேடையில் ஆறு பேர் நிற்கும் குடும்பப் படம். ஐந்து பேர் கேமராவைப் பார்க்கிறார்கள், பெரியப்பா மட்டும் பந்திப் பக்கம் பார்க்கிறார். அனுபவமுள்ள படம் திருத்துநர் கருவிழியைத் தொடவே மாட்டார். முதலில், அதே நிமிடத்தில் எடுத்த மற்ற படங்களைத் தேடுவார். குழுப்படத்தை நாலைந்து முறை அழுத்தி எடுப்பதே இதற்காகத்தான். பெரியப்பா கேமராவைப் பார்க்கும் ஒரு படம் கிடைத்து, முகம் திரும்பியிருக்கும் அளவும் ஒத்துப்போனால் வேலை பாதி முடிந்தது. புருவத்துக்குக் கீழிருந்து கன்ன மேடு வரை, இரண்டு கண்ணையும் மூக்குப் பாலத்தோடு ஒரே துண்டாக எடுப்பார். ஒரு கண்ணை மட்டும் மாற்றினால் மாறுகண் ஆகிவிடும். துண்டைப் பழைய முகத்தின் மேல் வைத்து, பாதி ஒளி ஊடுருவும்படி மங்கலாக்கிக்கொண்டு பொருத்துவார். பொருத்தும் அடையாளம் கருவிழி அல்ல, மூக்கை ஒட்டிய கண்ணின் உள்முனைகள். பார்வை எந்தப் பக்கம் போனாலும் அவை அசையாதவை. உள்முனைகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்ததும் ஓரத்தை மிருதுவாக அழித்து, வெளிச்சத்தைச் சமன்செய்தால் ஆயிற்று.

வேறு படம் இல்லாவிட்டால்தான் தலைவலி. தலையும் சேர்ந்து முழுக்கத் திரும்பியிருந்தால் கண்ணை மட்டும் மாற்றி ஒன்றும் ஆகாது; வொல்லாஸ்டனின் மூக்கு குறுக்கே நிற்கும். தலை நேராக இருந்து கண் மட்டும் சற்று விலகியிருந்தால் செய்யலாம். அப்போதும் கோடிக்குப் போன கருவிழி சரியான வட்டமாக இருக்காது, பக்கவாட்டில் ஒடுங்கிய நீள்வட்டமாக இருக்கும். 30 பாகை திரும்பிய கண்ணில் அகலம் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதை அப்படியே நடுவில் கொண்டுவைத்தால் பூனைக்கண் ஆகிவிடும். வட்டமாக விரித்துத்தான் வைக்க வேண்டும். 2020-இல் ஃபோட்டோஷாப்பில் வந்த Smart Portrait என்ற வடிகட்டியில் பார்வையைத் திருப்ப ஒரு நகர்த்துபட்டையே இருக்கிறது. கொஞ்சமாக இழுத்தால் நம்பும்படி இருக்கும். பேராசைப்பட்டு முழுக்க இழுத்தால் அது கண்ணைப் புதிதாகவே கற்பனை செய்யத் தொடங்கிவிடும், பெரியப்பா இன்னொருவர் பெரியப்பா ஆகிவிடுவார்.

நின்ற படத்தில் ஒருமுறை திருத்தினால் முடிந்தது. ஓடும் படத்தில் வேறு வகைத் தொல்லை. எப்போது திருத்துவது, எப்போது விட்டுவிடுவது என்பதையும் கருவியே முடிவு செய்தாக வேண்டும். பேசிக்கொண்டிருப்பவர் வாசல் மணி கேட்டுத் திரும்புகிறார். அப்போதும் கண்ணை மட்டும் கேமராவில் ஒட்டவைத்தால் திகில்படம் ஆகிவிடும். கண் சிமிட்டும்போது மூடிய இமையைத் தூக்கக் கூடாது. இன்டெல் ஆய்வாளர்கள் 2019-இல் எழுதிய கட்டுரையில், கண்ணைத் திருத்தும் வலையமைப்போடு ஒரு காவல்காரப் பகுதியையும் சேர்த்திருந்தார்கள். முகம் அதிகம் திரும்பினால், கேமராவுக்கு மிக அருகில் வந்தால், கண் மூடினால், பார்வை வேறெங்கோ போனால் அது திருத்தத்தை நிறுத்தும். சட்டென்று நிறுத்தாது, படிப்படியாகக் குறைக்கும். சட்டென்று நிறுத்தினால் கண் ஒரு கணத்தில் ஐந்து பிக்சல் குதிக்கும். எல்லைக்கோட்டிலேயே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் கருவிழி மேலும் கீழுமாகத் துடிக்கும். இந்தக் கருவிகளில் மலிவானதைக் கண்டுபிடிக்க அந்தத் துடிப்பே போதும்.

2023 ஜனவரியில் என்விடியா நிறுவனம் தன் பிராட்காஸ்ட் மென்பொருளில் இதே வசதியைக் கொடுத்தபோது இன்னொரு கூத்து நடந்தது. கைக்குறிப்பைப் படித்துக்கொண்டே கேமராவைப் பார்ப்பது போலக் காட்டலாம் என்பது அவர்கள் விளம்பரம். மக்களோ பழைய திரைப்படக் காட்சிகளை அதற்குள் ஓடவிட்டார்கள். காதலியைப் பார்த்து உருக வேண்டிய நாயகன் பார்வையாளரைப் பார்த்து உருகினான். கதாபாத்திரங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதை விட்டுவிட்டு நம்மையே முறைத்தார்கள். சிரிப்புக்காகச் செய்ததுதான். ஆனால் இந்த வசதியின் பெரிய குறை அதில் பளிச்சென்று தெரிந்தது. உண்மையில் பேசுகிற எவரும் இமைக்காமல் எதிராளியையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. யோசிக்கும்போது கண் மேலே போகும், தயங்கும்போது ஓரம் போகும், பேச்சின் திருப்பத்தில் மறுபடி வந்து சேரும். விலகி விலகி வருவதால்தான் அந்தப் பார்வைக்கு மதிப்பு. நிமிடக்கணக்கில் ஒட்டிக்கொண்ட பார்வை, நேர்காணல் அறையில் நம்பிக்கையைக் காட்டிலும் விசாரணையைத்தான் நினைவூட்டும்.

கண்ணைத் தொடாமல் கேமராவையே நகர்த்தி இதைத் தீர்த்தவர்களும் உண்டு. செய்தி வாசிப்பவர்கள் வரிகளைப் படித்துக்கொண்டே நம்மைப் பார்ப்பது டெலிப்ராம்ப்டரால். கேமராவின் வில்லைக்கு முன்னால் 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி இருக்கும். கீழே கிடக்கும் திரையில் ஓடும் எழுத்து அதில் பட்டு வாசிப்பவருக்குத் தெரியும். கேமராவுக்கு அது வெறும் கண்ணாடி. அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் எரோல் மோரிஸ் எழுத்து இருந்த இடத்தில் தன் முகத்தையே போட்டார். பேட்டி கொடுப்பவர் மோரிஸின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்; அந்த முகத்துக்குப் பின்னால்தான் கேமரா இருக்கும். இன்டர்ரோட்ரான் என்று அதற்குப் பெயர் வைத்தவர் அவர் மனைவி. வியட்நாம் போர்க்கால அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்னமாரா பேசும் 'தி ஃபாக் ஆஃப் வார்' 2003-இல் வந்தது. அதில் எண்பது வயது தாண்டிய அந்த மனிதர் திரையிலிருந்து நேராக நம் கண்ணைப் பார்த்துக் கணக்குச் சொல்வது இந்தக் கண்ணாடியின் வேலைதான். ஒரு பிக்சலும் இழுக்கப்படவில்லை.

வீட்டில் கண்ணாடிப் பெட்டி கட்ட முடியாது. ஆனால் மில்டன் சென்னின் 5 பாகைத் தள்ளுபடியை எவரும் வாங்கிக்கொள்ளலாம். எதிராளி முகம் தெரியும் சாளரத்தைச் சிறிதாக்கி, திரையின் மேல் விளிம்பில் கேமராவுக்கு நேர் கீழே கொண்டுபோய் வைத்தால், 12 செ.மீ. தூரம் 5 செ.மீ. ஆகக் குறையும். நாற்காலியைப் பின்னால் தள்ளி 60 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்தால் கோணம் 5 பாகைக்குள் வந்துவிடும். சாளரம் கேமராவுக்குப் பக்கவாட்டில் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்துக்குத் தள்ளுபடி இல்லை. இவ்வளவு செய்தால் மென்பொருளுக்கு வேலையே இல்லை. இதற்கு மேலும் அந்த வசதியைப் போட்டுக்கொண்டால்கூட, அது இழுக்க வேண்டியது ஐந்து பிக்சல் அல்ல, இரண்டு. பிழையும் அதே அளவுக்குக் குறையும்.

நாட்காட்டி முருகனுக்கு இப்போது திரும்பலாம். ஓர் ஆசிரியை இணைய வகுப்பில் இருபது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார், கண் திருத்தும் வசதி ஓடிக்கொண்டிருக்கிறது. இருபது பேருக்கும் ஒரே படம்தான் போகிறது. ஆகவே இருபது பேரையும் அவர் ஒரே நேரத்தில் கண்ணுக்குக் கண் பார்க்கிறார். நிஜ வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்து அவர் ஒரு முறை முறைத்தால் அது யாருக்கு என்று முறைக்கப்பட்டவனுக்கும் தெரியும், மற்ற பத்தொன்பது பேருக்கும் தெரியும். இங்கே அவர் பிள்ளைகளின் கட்டங்களில் ஒன்றை உற்றுப் பார்த்தபடி "நீ சொல்லுப்பா" என்கிறார். திருத்துவதற்கு முன்பாவது கண் எந்த ஓரம் போகிறது என்பது தெரிந்தது; இப்போது மென்பொருள் அதையும் நடுவுக்கு இழுத்துவிட்டது. ஒரு நொடி அமைதி. பிறகு இரண்டு பேர் ஒன்றாகப் பேசத் தொடங்குகிறார்கள், இரண்டு பேரும் ஒன்றாக நிறுத்துகிறார்கள். ஆசிரியை பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.